ஒரே டொமைனில் இணையதளமும் மின்னஞ்சலும்

ஒரு டொமைன் பெயரை வாங்கியதும் அந்தப் பெயரில் இணையதளம் வைக்கலாம். @ குறிக்குப் பின்னால் அதே பெயர் வரும் மின்னஞ்சல் முகவரிகளும் வைத்துக்கொள்ளலாம். பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒரே இடத்தில்தான் இருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இருக்க வேண்டிய அவசியம் இல்லை. இணையதளம் கோயம்புத்தூரில் உள்ள ஒரு நிறுவனத்தின் சர்வரில் இருக்கலாம், கடிதங்கள் கூகுளிடமோ ஸோஹோவிடமோ போய்ச் சேரலாம். பார்ப்பவருக்கு இந்தப் பிரிவினை தெரியாது. தெரிய வேண்டியது அதை அமைப்பவருக்குத்தான், ஏனென்றால் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டும் உரசிக்கொள்ளும் இடத்தில்தான் வருகின்றன.

இந்தப் பிரிவினைக்கு வயது ஏறக்குறைய நாற்பது. டொமைன் பெயர்களை எண்முகவரிகளாக மாற்றித் தரும் டிஎன்எஸ் என்ற ஏற்பாட்டை பால் மொக்கபெட்ரிஸ் 1983-இல் வகுத்தார். ஒரு பெயருக்கு வரும் கடிதங்களை மட்டும் தனியாக வேறொரு கணினிக்கு அனுப்பும் எம்எக்ஸ் பதிவின் விதிகளை கிரெய்க் பார்ட்ரிட்ஜ் 1986-இல் எழுதினார். அப்போது உலகளாவிய வலை என்பதே கிடையாது. ஆக, இணையதளம் பிறப்பதற்கு முன்பே மின்னஞ்சலுக்குத் தனி வழி போடப்பட்டுவிட்டது.

சொந்த டொமைனில் முகவரி வைப்பதன் பயனும் இந்தத் தனி வழியில்தான் இருக்கிறது. இலவசச் சேவை ஒன்றில் திறந்த முகவரி அந்தச் சேவையோடு கட்டுண்டது. சேவையை விட்டு விலகினால் முகவரியும் போய்விடும். சொந்த டொமைனில் உள்ள முகவரியைப் பொறுத்தவரை, கடிதம் சேமிக்கும் நிறுவனம் பிடிக்கவில்லை என்றால் எம்எக்ஸ் பதிவை மாற்றி வேறு நிறுவனத்துக்குப் போகலாம். விசிட்டிங் கார்டிலும் பில் புத்தகத்திலும் அச்சிட்ட முகவரி அப்படியே இருக்கும்.

காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடி டைல்ஸ் செய்து விற்கும் சிறு பட்டறை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். வெளியூர்க் கட்டட வடிவமைப்பாளர்கள் இணையதளத்தைப் பார்த்துவிட்டு விலை கேட்டு எழுதுகிறார்கள். பட்டறையின் டொமைன் example.com என்றே வைத்துக்கொள்வோம். எடுத்துக்காட்டுகளில் பயன்படுத்துவதற்கென்றே ஒதுக்கப்பட்ட பெயர் அது. கீழே வரும் எண்முகவரியும் அப்படி ஒதுக்கப்பட்டதுதான். இந்த டொமைனின் டிஎன்எஸ் பக்கத்தில் முக்கியமான மூன்று வரிகள் இப்படி இருக்கும்:

```
@     A      203.0.113.10
www   CNAME  example.com.
@     MX     1  smtp.google.com.
```

@ என்பது டொமைனையே குறிக்கிறது. முதல் வரி, இந்தப் பெயரைப் பிரவுசரில் தட்டுபவர் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்கிறது. இரண்டாவது வரி, முன்னால் www சேர்த்துத் தட்டினாலும் அதே இடத்துக்குத்தான் என்கிறது. மூன்றாவதுதான் மின்னஞ்சலுக்கு உரியது: info@example.com என்ற முகவரிக்குக் கடிதம் அனுப்பும் சர்வர், முதல் இரண்டு வரிகளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இதைப் படித்துவிட்டு கூகுளின் வாசலுக்குப் போகும். நடுவில் உள்ள எண் முன்னுரிமை. பல எம்எக்ஸ் வரிகள் இருந்தால் சிறிய எண்ணுக்கே முதல் வாய்ப்பு. அது பதில் தராவிட்டால்தான் அடுத்தது. எம்எக்ஸ் வரியில் எப்போதும் ஒரு பெயர்தான் வர வேண்டும், எண்முகவரியை நேராக எழுதக் கூடாது.

இங்கேயே ஒரு கண்ணி உண்டு. சில இணையதளச் சேவைகள் டொமைனின் முதல் வரியையே CNAME ஆக வைக்கச் சொல்லும். ஒரு பெயரில் CNAME இருந்தால் அதே பெயரில் வேறெந்தப் பதிவும் இருக்கக் கூடாது என்பது டிஎன்எஸ் விதி. அப்படியானால் எம்எக்ஸ் வரிக்கு இடமில்லாமல் போய்விடும். அந்தச் சேவையிடம் A பதிவுக்கு உரிய எண்முகவரியைக் கேட்டு வாங்குவதே சரி. Www-க்கு மட்டும் CNAME வைத்துக்கொள்ளலாம்.

கடிதங்களை எங்கே வைப்பது என்ற கேள்வி அடுத்தது. ஹோஸ்டிங் எடுக்கும்போதே அதனுடன் மின்னஞ்சலும் இலவசம் என்று பல நிறுவனங்கள் தருகின்றன. காசு மிச்சம் என்று அதையே எடுத்துக்கொள்வது இயல்பு. ஆனால் மலிவு ஹோஸ்டிங்கில் ஒரே சர்வரை நூற்றுக்கணக்கான இணையதளங்கள் பகிர்ந்துகொள்கின்றன, அவற்றின் கடிதங்களெல்லாம் ஒரே எண்முகவரியிலிருந்துதான் புறப்படுகின்றன. அவற்றில் ஒன்று ஹேக் செய்யப்பட்டு ஸ்பேம் அனுப்ப ஆரம்பித்தால், ஸ்பாம்ஹவுஸ் போன்ற கறுப்புப் பட்டியலில் அந்த எண் ஏறிவிடும். அதன்பின் பட்டறை அனுப்பும் விலைப்பட்டியலும் வாடிக்கையாளரின் ஸ்பேம் பெட்டிக்குப் போகும், அல்லது வாசலிலேயே திருப்பப்படும். இணையதளப் படங்களும் கடிதங்களும் ஒரே சேமிப்பிடத்தைப் பங்கு போடுவதும் உண்டு. இடம் நிறைந்தால் புதுக் கடிதம் வராது. இணையதளத்தை வேறு ஹோஸ்டிங்குக்கு மாற்றும் நாளில் பல வருடக் கடிதங்களையும் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும். தொழில் கடிதங்களுக்கு, மின்னஞ்சலையே தொழிலாகச் செய்யும் நிறுவனத்துக்கு மாதக் கட்டணம் கட்டிவிடுவது நல்லது. கூகுள், மைக்ரோசாஃப்ட், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ மூன்றும் இந்தியாவில் இதற்குப் பரவலாகப் பயன்படுகின்றன. கட்டணம் பெரும்பாலும் ஆள் கணக்கில். அதனால் info, sales, accounts என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பெட்டி வாங்க வேண்டியதில்லை. உரிமையாளருக்கு ஒரு பெட்டி வாங்கி, மற்ற முகவரிகளை அதன் மாற்றுப் பெயர்களாகச் சேர்த்தால் போதும்.

அமைக்கும்போது வரிசை முக்கியம். முதலில் மின்னஞ்சல் நிறுவனத்தில் கணக்குத் திறந்ததும், டொமைன் உங்களுடையதுதானா என்று நிரூபிக்கச் சொல்வார்கள். அவர்கள் தரும் ஒரு சங்கேத வரியை டிஎன்எஸ் பக்கத்தில் TXT பதிவாக ஒட்டினால் நிரூபணமாகிவிடும். இதனால் நடைமுறையில் இருக்கும் எதுவும் மாறாது. இரண்டாவதாக, ஏற்கெனவே பழக்கத்தில் உள்ள எல்லா முகவரிகளையும் புது இடத்தில் உருவாக்கிவிட வேண்டும். அதன் பிறகுதான் எம்எக்ஸ். முகவரிகளை உருவாக்காமல் எம்எக்ஸை மாற்றினால், அந்த இடைவெளியில் வரும் கடிதங்களை ‘அப்படி ஒருவர் இங்கே இல்லை’ என்று புதுச் சர்வர் திருப்பி அனுப்பிவிடும்.

ஒவ்வொரு டிஎன்எஸ் வரியிலும் TTL என்று ஒரு எண் இருக்கும். ஒரு முறை கேட்டுத் தெரிந்துகொண்ட பதிலை மற்ற சர்வர்கள் எத்தனை விநாடி நினைவில் வைத்திருக்கலாம் என்பது அது. 14400 என்று இருந்தால் நான்கு மணி நேரம். எம்எக்ஸை மாற்றுவதற்கு முந்தைய நாளே இதை 300 ஆகக் குறைத்துவிட்டால், மாற்றம் ஐந்து நிமிடத்தில் ஊரெங்கும் போய்ச் சேர்ந்துவிடும். பிறகு பழையபடி ஏற்றிவிடலாம். பழைய எம்எக்ஸ் வரிகளை நீக்க மறக்கக் கூடாது. புதியதும் பழையதும் சேர்ந்து இருந்தால் சில கடிதங்கள் இங்கும் சில கடிதங்கள் அங்கும் போகும், எது எங்கே போயிற்று என்று தேடுவதே வேலையாகிவிடும்.

கடிதம் வருவதற்கு இவ்வளவு போதும். பட்டறையிலிருந்து புறப்படும் கடிதம் மறுமுனையில் நம்பப்படுவதற்கு இன்னும் மூன்று TXT வரிகள் வேண்டும். மின்னஞ்சலை வடிவமைத்த காலத்தில் அனுப்புநர் பெயரைச் சரிபார்க்கும் ஏற்பாடு எதுவும் வைக்கவில்லை. யார் வேண்டுமானாலும் யார் பெயரிலும் எழுதலாம். இந்த மூன்றும் அதன் பிறகு போடப்பட்ட ஒட்டு.

எஸ்பிஎஃப் என்ற முதல் வரி, இந்த டொமைன் பெயரில் கடிதம் அனுப்ப எந்தச் சர்வர்களுக்கு அனுமதி உண்டு என்று அறிவிக்கிறது:

```
@   TXT   "v=spf1 include:_spf.google.com ~all"
```

கூகுளின் சர்வர்கள் அனுப்பலாம், மற்றவை சந்தேகத்துக்கு உரியவை என்பது இதன் பொருள். ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் வரி ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். பட்டறை பின்னாளில் செய்திமடல் அனுப்பும் சேவை ஒன்றில் சேர்ந்தால், ‘இந்த வரியைச் சேர்க்கவும்’ என்று அவர்களும் ஒன்றைத் தருவார்கள். அதை அப்படியே இரண்டாவது வரியாகச் சேர்ப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. இரண்டு வரி இருந்தால் சோதிக்கும் சர்வர் இரண்டையுமே தள்ளிவிடும். அவர்களுடைய include பகுதியை மட்டும் எடுத்து, இருக்கும் வரிக்குள் ~all-க்கு முன்னால் செருக வேண்டும். இப்படிச் சேர்த்துக்கொண்டே போகவும் முடியாது. ஒரு எஸ்பிஎஃப் வரியைச் சோதிக்கப் பத்து டிஎன்எஸ் தேடல்களுக்கு மேல் ஆகக் கூடாது என்று வரம்பு இருக்கிறது. ஒரு include-க்குள் இன்னும் சில include இருந்தால் அவையும் கணக்கில் சேரும்.

இரண்டாவது டிகிம். அனுப்பும் நிறுவனம் ஒவ்வொரு கடிதத்தின் மீதும் அரக்கு முத்திரை போல ஒரு கணக்கீட்டுக் கையெழுத்தைப் பதிக்கிறது. அது உண்மையானதா என்று சரிபார்க்கும் சாவி டிஎன்எஸ்ஸில் வெளிப்படையாக வைக்கப்படுகிறது. கூகுளில் இதன் வழக்கமான பெயர் google._domainkey. நிர்வாகப் பக்கத்தில் சாவியை உருவாக்கி, TXT பதிவாக ஒட்டிவிட்டு, திரும்பி வந்து தொடங்கும் பொத்தானை அழுத்த வேண்டும். இந்தக் கடைசி அழுத்தலைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒட்டும்போது இரண்டு இடங்களில் தவறு நேரலாம். பல டிஎன்எஸ் பக்கங்கள் டொமைன் பெயரைத் தாமாகவே பின்னால் சேர்த்துக்கொள்ளும். முழுப் பெயரையும் தட்டினால் google._domainkey.example.com.example.com என்று இரட்டித்துவிடும். சாவி நீளமானது என்பது இன்னொன்று. TXT பதிவில் ஒரு மேற்கோள் துண்டுக்கு 255 எழுத்துதான் வரம்பு, 2048 பிட் சாவி அதைத் தாண்டும். சில பக்கங்கள் அதைத் தாமே இரண்டு துண்டாக்கிக்கொள்ளும். சில பக்கங்கள் வாலை வெட்டிவிட்டு ஒன்றும் நடக்காதது போல ‘சேமிக்கப்பட்டது’ என்று காட்டும். சேமித்த பிறகு கடைசி சில எழுத்துகளை ஒப்பிட்டுப் பார்த்துவிடுவது பாதுகாப்பு.

மூன்றாவது டிமார்க். கடிதத்தில் அனுப்புநராகக் கண்ணுக்குத் தெரியும் பெயரும், எஸ்பிஎஃப் அல்லது டிகிம் உறுதிசெய்த பெயரும் ஒன்றுதானா என்று பார்க்கச் சொல்வது இது. ஒத்துப்போகாவிட்டால் என்ன செய்வது என்பதையும் டொமைன் உரிமையாளரே இதில் சொல்லிவிடுகிறார்:

```
_dmarc   TXT   "v=DMARC1; p=none; rua=mailto:dmarc@example.com"
```

p=none என்றால் எதையும் தடுக்க வேண்டாம், அறிக்கை மட்டும் அனுப்புங்கள் என்று பொருள். சில வாரங்கள் அறிக்கைகளைப் பார்த்து, சொந்தக் கடிதங்கள் எல்லாம் தேறுகின்றன என்று தெரிந்தபின் quarantine, அதற்கும் பின் reject என்று இறுக்கலாம். முதல் நாளே reject போடுவது துணிச்சல்தான். ஆனால் அதில் தடுபடுவது பெரும்பாலும் சொந்த இணையதளத்தின் கடிதமாகவே இருக்கும். 2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரே நாளில் 5000 கடிதங்களுக்கு மேல் அனுப்புபவர்கள் மூன்றையும் வைத்திருக்க வேண்டும் என்று கூகுள் கட்டாயமாக்கியது; மற்ற எல்லோருக்கும் எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்றாவது வேண்டும். யாஹூவும் அதே சமயம் இதே போன்ற விதிகளைக் கொண்டுவந்தது.

இணையதளமும் மின்னஞ்சலும் நேருக்கு நேர் முட்டிக்கொள்ளும் இடம், தளத்தில் உள்ள ‘எங்களைத் தொடர்பு கொள்ள’ படிவம். வாடிக்கையாளர் பெயர், முகவரி, எத்தனை சதுர அடி என்றெல்லாம் நிரப்பி அனுப்புகிறார். ‘நன்றி, விரைவில் தொடர்பு கொள்கிறோம்’ என்று திரையில் வருகிறது. பட்டறைக்கு ஒன்றும் வருவதில்லை. விசாரணையே இல்லை என்று பட்டறை நினைத்துக்கொள்கிறது; பதில் சொல்லக்கூட மாட்டேன் என்கிறார்களே என்று வாடிக்கையாளர் நினைத்துக்கொள்கிறார். மாதக்கணக்கில் இப்படியே ஓடுவதுண்டு, ஏனென்றால் எந்த இடத்திலும் பிழைச் செய்தி எதுவும் தோன்றாது.

காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. முதலாவது, இணையதளச் சர்வர் கடிதத்தை வெளியே அனுப்பவே இல்லை. சிபேனல் உள்ள ஹோஸ்டிங்கில் Email Routing என்று ஒரு பக்கம் இருக்கிறது. அதில் Local Mail Exchanger என்று தேர்வாகியிருந்தால், example.com-க்கு உரிய கடிதங்கள் தன்னிடமே சேர வேண்டியவை என்று அந்தச் சர்வர் நம்பிக்கொண்டிருக்கும். எம்எக்ஸில் கூகுள் என்று எழுதியிருந்தாலும் அதைக் கேட்காது. தன்னிடமே அப்படி ஒரு பெட்டி இருந்தால் கடிதத்தை அதில் போட்டுவிடும். இல்லாவிட்டால் தூக்கி எறிந்துவிடும். ஊரிலிருந்து எல்லோரும் அனுப்பும் கடிதம் ஒழுங்காக வரும், சொந்த இணையதளத்திலிருந்து மட்டும் வராது என்பதே இதன் அடையாளம். Remote Mail Exchanger என்று மாற்றினால் தீர்ந்தது.

இரண்டாவது, கடிதம் வெளியே போகிறது, ஆனால் நம்பப்படுவதில்லை. வேர்ட்பிரஸ் தளங்கள் இயல்பாக wordpress@ என்ற முகவரியின் பெயரில், இணையதளச் சர்வரிலிருந்தே நேராகக் கடிதம் அனுப்புகின்றன. எஸ்பிஎஃப் வரியில் கூகுளுக்கு மட்டும் அனுமதி தந்தாகிவிட்டது. இந்தச் சர்வர் அதில் இல்லை. டிகிம் முத்திரையும் அதன் கையில் இல்லை. இதற்குச் சிலர் சர்வரின் எண்ணையும் எஸ்பிஎஃப் வரியில் சேர்க்கச் சொல்வார்கள். பகிர்வு ஹோஸ்டிங்கில் அது நல்ல யோசனை அல்ல. அதே எண்ணைப் பகிர்ந்துகொள்ளும் மற்ற இணையதளங்களுக்கும் பட்டறையின் பெயரில் எழுத அனுமதி கொடுத்தது போலாகிவிடும். படிவக் கடிதத்தையும் மின்னஞ்சல் நிறுவனத்தின் வழியாகவே அனுப்பச் செய்வதே முறையானது. எஸ்எம்டிபி பிளகின் ஒன்றை நிறுவி, சர்வர் smtp.gmail.com, போர்ட் 587 என்று கொடுத்து, கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டபின் கிடைக்கும் பதினாறு எழுத்து ஆப் பாஸ்வேர்டைப் பதிய வேண்டும். அந்தப் பாஸ்வேர்டு இணையதளத்துக்குள் உட்கார்ந்திருக்கும் என்பதால், உரிமையாளரின் பெட்டியைக் கொடுக்காமல் படிவத்துக்கென்றே ஒரு சிறு பெட்டி வைத்துக்கொள்வது நல்லது. தளம் ஹேக் ஆனாலும் இழப்பு அந்தப் பெட்டியோடு நிற்கும்.

மூன்றாவது காரணம் கொஞ்சம் விநோதமானது. வந்த கடிதத்துக்கு ‘பதில்’ அழுத்தினால் நேராக வாடிக்கையாளருக்குப் போக வேண்டும் என்று, தளத்தை வடிவமைத்தவர் வாடிக்கையாளரின் முகவரியையே அனுப்புநர் இடத்தில் போட்டிருப்பார். அதாவது, யாஹூ முகவரி வைத்திருப்பவர் படிவத்தை நிரப்பினால், அவரே யாஹூவிலிருந்து எழுதியது போல இணையதளச் சர்வர் பாவனை செய்கிறது. யாஹூ 2014 ஏப்ரலில் தன் டொமைனுக்கு p=reject போட்டுவிட்டது. ஆக அந்தக் கடிதம் ஸ்பேம் பெட்டிக்குக்கூட வராமல் வாசலிலேயே மறுக்கப்படும். ஜிமெயில் வாடிக்கையாளர்களின் விசாரணை வருகிறது, யாஹூக்காரர்களுடையது மட்டும் வருவதில்லை என்றால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். அனுப்புநர் இடத்தில் எப்போதும் சொந்த டொமைன் முகவரியையே வைத்து, வாடிக்கையாளரின் முகவரியை Reply-To என்ற இடத்தில் போட்டால், பதில் அவருக்கே போகும், கடிதமும் தடைபடாது.

இவையெல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கத் தனிக் கருவி வேண்டாம். வெளியில் உள்ள ஒரு ஜிமெயில் முகவரிக்கு ஒரு கடிதம் அனுப்பிவிட்டு, அங்கே அதைத் திறந்து மூன்று புள்ளி மெனுவில் Show original அழுத்தினால், SPF, DKIM, DMARC மூன்றுக்கும் எதிரே PASS அல்லது FAIL என்று எழுதியிருக்கும். படிவத்தையும் ஒரு முறை நிரப்பி, வந்த கடிதத்தில் இதையே பார்க்க வேண்டும். பெட்டியிலிருந்து எழுதும் கடிதம் தேறிவிட்டது என்பதால் படிவக் கடிதமும் தேறும் என்று சொல்ல முடியாது; இரண்டும் வேறு வேறு பாதைகள்.

இவ்வளவும் சரியாக ஓடிக்கொண்டிருக்கும்போது பட்டறை தன் இணையதளத்தைப் புதுப்பிக்கிறது. புது வடிவமைப்பாளர் புது ஹோஸ்டிங் எடுத்து, ‘நேம்சர்வரை மட்டும் மாற்றிக் கொடுங்கள் சார், மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்கிறார். சொந்த டொமைன் மின்னஞ்சலுக்குப் பெரும் சேதம் விளைவது இந்த ஒரு வாக்கியத்தில்தான். நேம்சர்வர் என்பது டிஎன்எஸ் வரிகள் முழுவதையும் வைத்திருக்கும் இடம். அதை மாற்றினால் இணையதளத்தின் வரி மட்டும் மாறுவதில்லை. எம்எக்ஸ், எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் எல்லாம் பழைய இடத்திலேயே தங்கிவிடுகின்றன. புது இடத்தில் ஹோஸ்டிங் மென்பொருள் தானாகவே ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கும். அதில் எம்எக்ஸ் வரி பெரும்பாலும் example.com என்ற அதே பெயரை, அதாவது புது இணையதளச் சர்வரையே காட்டும். எம்எக்ஸ் வரியே இல்லாமல் போனாலும் கதை அதேதான்: எம்எக்ஸ் இல்லாத டொமைனுக்கு A பதிவு காட்டும் சர்வரிடமே கடிதத்தைக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்பது மின்னஞ்சலின் பழைய விதி.

திங்கட்கிழமை மாலை நேம்சர்வர் மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். .com பெயர்களின் நேம்சர்வர் விவரத்தை மற்ற சர்வர்கள் இரண்டு நாள் வரை நினைவில் வைத்திருக்கலாம். அதனால் செவ்வாயன்று சில கடிதங்கள் வரும், சில வரா. வருவதைப் பார்த்து எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். புதன் மாலைக்குள் ஏறக்குறைய எல்லாமே நின்றுவிடும். புதுச் சர்வரில் info என்ற பெட்டி இல்லாததால், எழுதியவருக்கு 550 என்று தொடங்கும் மறுப்பு உடனே திரும்பும். மின்னஞ்சல் சர்வர் வெறுமனே பழுதாகி நின்றிருந்தால்கூட இவ்வளவு சேதம் இருக்காது. பதில் தராத சர்வருக்கு அனுப்புநரின் சர்வர் நாலைந்து நாள் வரை மீண்டும் மீண்டும் முயலும். சரியானதும் தேங்கியதெல்லாம் வந்து சேரும். இங்கேயோ ஒரு சர்வர் பதில் சொல்கிறது, ‘அப்படி யாரும் இல்லை’ என்று திட்டவட்டமாகச் சொல்கிறது. திரும்பிப் போன கடிதம் திரும்பியதுதான். எழுதியவரே மறுபடி அனுப்பினால்தான் உண்டு.

சந்தேகம் வந்தால் விண்டோஸ் கமாண்ட் திரையில் இதைத் தட்டிப் பார்க்கலாம்:

```
nslookup -type=mx example.com 8.8.8.8
```

விடையில் மின்னஞ்சல் நிறுவனத்தின் பெயர் வராமல் சொந்த டொமைன் பெயரோ ஹோஸ்டிங்கின் பெயரோ வந்தால் கோளாறு இதுதான். பழைய வரிகள் அனைத்தையும் புது இடத்தில் எழுத வேண்டும். புது ஹோஸ்டிங்கில் ஏதாவது பெட்டி தானாக உருவாகியிருந்தால் அதையும் திறந்து பார்க்க வேண்டும். இரண்டு நாள் கடிதங்கள் அதில் கிடக்கலாம். இந்தச் சிக்கலே வராமல் செய்ய எளிய வழி, வடிவமைப்பாளரிடம் புதுச் சர்வரின் எண்முகவரியைக் கேட்டு வாங்கி A வரியை மட்டும் மாற்றுவது. மின்னஞ்சல் வரிகளை யாரும் தொடவே மாட்டார்கள். நேம்சர்வரை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், பழைய டிஎன்எஸ் பக்கத்தை முழுவதுமாகப் படம் பிடித்து வைத்து, புது இடத்தில் ஒவ்வொரு வரியையும் எழுதி முடித்தபின் மாற்ற வேண்டும்.

டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சிறு கடைகளுக்கு வடிவமைப்பாளரே தன் கணக்கில் டொமைனை வாங்கித் தருவது சகஜம். இணையதளம் மட்டும் இருந்தவரை அது சின்ன விஷயம். கடிதங்களும் அதே பெயரில் வர ஆரம்பித்த பிறகு, அந்தக் கணக்கைக் கையில் வைத்திருப்பவர் நினைத்தால் எம்எக்ஸை மாற்றிக் கடிதங்களைத் தன் பக்கம் திருப்ப முடியும். டொமைன் விற்கும் நிறுவனத்தில் உள்ள கணக்கு உரிமையாளரின் பெயரிலேயே இருக்க வேண்டும். அந்தக் கணக்கின் தொடர்பு முகவரியாக அதே டொமைனில் உள்ள முகவரியைக் கொடுக்கக் கூடாது. டொமைன் காலாவதியானால் அந்தப் பெட்டியும் சேர்ந்து நின்றுவிடும். புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல் படிக்க முடியாத பெட்டிக்குப் போய்க்கொண்டிருக்கும்.

காலாவதியான .com பெயர் உடனே கைநழுவிப் போகாது. விற்ற நிறுவனம் அதை நீக்கிய பிறகும் முப்பது நாள் மீட்பு அவகாசம் உண்டு, அதற்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். அதுவும் கடந்து ஐந்து நாளில் பெயர் பொதுச் சந்தைக்கு வந்துவிடும். வாங்குபவர் இணையதளம் வைக்கிறாரோ இல்லையோ, ஒரு எம்எக்ஸ் வரியை எழுதினால் போதும், பட்டறைக்கு வரும் கடிதங்கள் அவருக்கு வரும். ஜிஎஸ்டி கணக்கு, வங்கி, சமூக ஊடகப் பக்கம் என்று எங்கெல்லாம் அந்த முகவரி பதிவாகியிருக்கிறதோ அங்கெல்லாம் ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ அழுத்தினால், மாற்றும் இணைப்பும் அவருக்கே வரும். தொழிலை மூடினாலும் பெயரை மாற்றினாலும், எல்லாக் கணக்குகளிலும் முகவரியை மாற்றி முடிக்கும்வரை பழைய டொமைனைப் புதுப்பித்துக்கொண்டேதான் வர வேண்டும்.

பாதுகாப்புக்காக .in போன்ற இன்னொரு முடிவோடு அதே பெயரை வாங்கி, பிரதான தளத்துக்குத் திருப்பிவிட்டிருப்பவர்கள் பலர். அதில் மின்னஞ்சல் எதுவும் இல்லை என்பதால் அதன் டிஎன்எஸ் பக்கத்தில் கடிதம் சம்பந்தமாக எதுவும் எழுதுவதில்லை. அப்படி வெறுமையாக விட்ட பெயரில்தான் போலிக் கடிதம் எழுதுவது எளிது. ‘இந்தப் பெயரில் கடிதம் வாங்குவதும் இல்லை, அனுப்புவதும் இல்லை’ என்று மூன்று வரிகளில் அறிவித்துவிடலாம்:

```
@        MX    0  .
@        TXT   "v=spf1 -all"
_dmarc   TXT   "v=DMARC1; p=reject"
```

முதல் வரியில் சர்வர் பெயருக்குப் பதிலாக வெறும் புள்ளி இருப்பது எழுத்துப் பிழை அல்ல. கடிதம் ஏற்கும் சர்வரே இல்லை என்பதற்கு 2015-இல் வகுத்த குறி அது. எம்எக்ஸ் இல்லையென்றால் A பதிவைப் பார் என்ற பழைய விதியும் இந்தப் புள்ளி இருந்தால் செல்லாது. இணையதளத்தின் A வரி அதன்பாட்டுக்கு இருக்கும், தளம் வழக்கம்போலத் திறக்கும். p=reject-ஐ முதல் நாளே தயங்காமல் போடக்கூடிய இடமும் இதுதான்.